மூடி வைக்கும் டீசரா, திறந்து காட்டும் டீசரா?

புது ஆப் வருவதற்கு முன் டீசர் போடுபவர்களில் சிலர் எதையும் சொல்லாமல் "ஏதோ வரப்போகுது, காத்திருங்க" என்று நாள் எண்ணுகிறார்கள். சிலர் ஆப் தீர்க்கப்போகும் தொல்லையை முதலில் சொல்லி, திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் காட்டுகிறார்கள். பெயர் தெரியாத சிறு குழு இரண்டாவது வழியில்தான் போக வேண்டும் என்பேன்.

டவுன் பஸ் எங்கே வருகிறது என்று காட்டும் ஆப் ஒன்றை எடுத்துக்கொள்வோம். மூடி வைக்கும் தொடரில் முதல் பதிவு ஒரு கறுப்புப் படம், மேலே "10 நாள்". அடுத்த நாள் அதே படம், "9 நாள்". நிறுவனத்துக்கு ஏற்கெனவே ரசிகர்கள் இருந்தால் ஆளாளுக்கு ஊகம் சொல்வார்கள். இல்லாவிட்டால் நண்பர்கள் மட்டும் லைக் போடுவார்கள்.

திறந்து காட்டும் தொடர் ஒரு கேள்வியோடு தொடங்கும்: "ஸ்டாப்பில் நிற்கிறீர்கள். பஸ் போய்விட்டதா, இனிமேல்தான் வருமா?" அடுத்த பதிவில் வரைபடத்தில் நகரும் ஒரே ஒரு புள்ளி. அதற்கடுத்து, உட்கார இடம் இருக்கிறதா என்பதை ஆப் எப்படிக் காட்டும் என்ற பாதித் திரை. எந்தெந்த ரூட்டில் கிடைக்கும் என்பதைக் கடைசிவரை சொல்லக்கூடாது. "எங்க ஏரியாவுக்கு வருமா?" என்று கமெண்டில் கேட்கத் தொடங்கினால் தொடர் வேலை செய்கிறது. "என்ன ப்ரோ இது?" என்ற கேள்வியே திரும்பத் திரும்ப வந்தால் இன்னும் மூடித்தான் வைத்திருக்கிறீர்கள்.

2013-இல் ஐபோனுக்கு வந்த மெயில்பாக்ஸ் ஆப் இப்படித்தான் செய்தது. விரலால் தள்ளி மின்னஞ்சலை ஒதுக்குவதை வீடியோவில் முன்கூட்டியே முழுசாகக் காட்டிவிட்டார்கள். வெளியான பிறகும் எல்லோருக்கும் உடனே திறக்கவில்லை. வரிசையில் உங்களுக்கு முன்னால் எத்தனை பேர், பின்னால் எத்தனை பேர் என்ற எண்ணிக்கை திரையில் ஓடியது. அது என்ன ஆப் என்பதில் மர்மமே இல்லை, நமக்கு எப்போது கிடைக்கும் என்பதில்தான் ஆவல். அடுத்த மாதமே டிராப்பாக்ஸ் அதை வாங்கிவிட்டது.

மூடி வைக்கும் தொடருக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. ப்ளே ஸ்டோரில் முன்பதிவு திறந்தால் பெயர், விளக்கம், ஸ்கிரீன்ஷாட்கள் எல்லாம் அந்தப் பக்கத்தில் தெரிந்துவிடும். அதனால் மர்மம் உடையும்வரை லிங்க் கொடுக்க முடியாது. ஆவல் வந்தவருக்கு அழுத்த ஒரு பட்டன்கூட இல்லை, இரண்டு நாளில் மறந்துவிடுவார். திறந்து காட்டும் தொடரில் இரண்டாம் பதிவிலேயே லிங்க் போடலாம். முன்பதிவு செய்தவருக்கு வெளியீட்டன்று ஸ்டோரே அறிவிப்பு அனுப்பும்.

தேதியில் மட்டும் இரண்டு வழிக்கும் ஒரே எச்சரிக்கை. முன்பதிவு திறந்த 90 நாளுக்குள் ஆப்பை வெளியிட வேண்டும் என்பது கூகுளின் விதி. ஆப்பிளில் முன்பதிவு திறக்கவே அவர்களின் சரிபார்ப்பைத் தாண்டியிருக்க வேண்டும். அது முடியும்வரை பதிவில் "இந்த மாதம்" என்று மட்டும் போடுங்கள். நாள் எண்ணுவதை ஒப்புதல் கைக்கு வந்த பிறகு தொடங்குங்கள்.