அம்மாவின் பிரஷர் கணக்கு: 14 மாத ஸ்கிரீன்ஷாட் அனுபவம்

அம்மா திருநெல்வேலியில், நான் சென்னையில். மேல்கையில் பட்டி சுற்றும் பிரஷர் மெஷின் வாங்கிக் கொடுத்தேன். அது போனில் இருக்கும் ஆப்புக்கு ரீடிங்கை அனுப்பிவிடும், அம்மா அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வாட்ஸ்அப்பில் எனக்குப் போடுவார். இரண்டு மாதத்தில் அறுபதுக்கும் மேல் படங்கள் சேர்ந்துவிட்டன. டாக்டரிடம் போனை நீட்டியபோது அவர் இரண்டு படம் தள்ளிப் பார்த்துவிட்டு, "இதுல காலையில மாத்திரை போடறதுக்கு முன்னாடி எடுத்தது எதெல்லாம்?" என்று கேட்டார். எங்கள் இருவருக்குமே பதில் தெரியவில்லை.

அன்றிரவு கூகுள் ஷீட்டில் எல்லாவற்றையும் ஏற்ற உட்கார்ந்தேன். முதல் சிக்கல் தேதி. ஆப்பில் தேதி ஒவ்வொரு நாளுக்கும் தலைப்பாக மேலே மட்டும்தான் வரும், கொஞ்சம் கீழே தள்ளிப் படம் எடுத்தால் நேரம் இருக்கும், எந்த நாள் என்பது இருக்காது. இரண்டாவது, ஒரு படத்தின் கடைசி ரீடிங்தான் அடுத்த படத்தின் முதல் ரீடிங்காக இருக்கும், கவனிக்காவிட்டால் இரண்டு தடவை ஏறிவிடும். ஒரே நிமிடம் இரண்டு வரியில் வந்தால் ஒன்றை அழித்துவிடுவேன். படத்திலிருந்து எழுத்தை நகலெடுக்கும் வசதியையும் முயன்றேன். அதில் கீழ் அளவும் நாடித்துடிப்பும் இடம் மாறின, வரிசை குலைந்தது. அதனால் இப்போதும் கையால்தான் அடிக்கிறேன், வாரத்துக்குப் பத்து நிமிடம்கூட ஆகாது.

அளக்கும் முறையையும் மாற்றினோம். காலையில் எழுந்து, சிறுநீர் கழித்துவிட்டு, காபிக்கும் மாத்திரைக்கும் முன்பு, முதுகு சாய்ந்து ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்த பிறகு, ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு தடவை. ராத்திரியும் அதே மாதிரி இரண்டு. டாக்டரைப் பார்க்கும் முன் ஏழு நாள் இப்படி எடுத்து, முதல் நாளை விட்டுவிட்டு மீதி ஆறு நாள் 24 ரீடிங்கைச் சராசரி எடுக்க வேண்டும் என்று டாக்டரே சொன்னார். வீட்டு அளவில் இந்தச் சராசரி 135/85-க்கு மேலே போனால் அதிகம் என்று கணக்கு, கிளினிக்கில் பார்க்கும் 140/90-க்கு ஈடாக.

ஷீட்டில் A தேதி, B காலைக்கு AM மாலைக்கு PM, C மேல் அளவு, D கீழ் அளவு, E நாடி, F அந்த ரீடிங் கணக்கில் சேருமா (Y/N). H1-ல் வாரத்தின் முதல் தேதியைப் போட்டால், அந்த வாரத்தின் காலைச் சராசரிக்கு இது போதும்:

```
=AVERAGEIFS(C:C,B:B,"AM",F:F,"Y",A:A,">="&H1,A:A,"<"&(H1+7))
```

F எதற்கு என்றால், ஒரு ராத்திரி அம்மாவுக்குத் தலை கனமாக இருக்கிறது என்று அளந்திருக்கிறார், 172 வந்திருக்கிறது. பயந்துபோய் அடுத்தடுத்து அளந்ததில் 168, 165, 160, 155. "குறையுதான்னு பாத்தேன்டா" என்றார். அந்த வாரத்து 24 ரீடிங்கின் சராசரி மேல் அளவு 141. இந்த ஐந்தையும் சேர்த்தால் 145. ஆப் தானாகக் காட்டும் சராசரி இப்படி எல்லாவற்றையும் கலந்துதான் வரும், அதனால் அதை நான் நம்புவதில்லை. ஆனால் அந்த ஐந்தையும் அழிக்கவில்லை, N போட்டு, என்ன செய்தது, எத்தனை மணி என்று பக்கத்தில் எழுதி டாக்டருக்குத் தனியாகக் காட்டினேன்.

அந்த 141-ம் முழு உண்மை இல்லை. பிரித்துப் பார்த்தால் காலை 149, மாலை 133. மாலை சரியாக இருக்கிறது, காலையில்தான் ஏறுகிறது. இதை ஒரே பக்கத்தில், வாரத்துக்கு ஒரு வரியாக, காலை, மாலை என இரண்டு கட்டத்தில் அச்செடுத்துக் கொண்டுபோனேன். டாக்டர் அரை நிமிடம் பார்த்தார், பிறகு மெஷினை வாங்கித் தன் கருவியோடு ஒப்பிட்டுப் பார்த்தார், பட்டி அம்மாவின் கைக்குச் சரியாக இருக்கிறதா என்றும் பார்த்தார் (சின்ன பட்டி என்றால் அளவு கூடுதலாகக் காட்டுமாம்). எல்லாம் சரி என்றதும் மாத்திரையை மாற்றி எழுதினார். மாற்றிய தேதிக்கு நேரே ஷீட்டில் ஒரு கோடு போட்டேன். நாலு வாரத்தில் காலைச் சராசரி 134-க்கு வந்தது.

ஒரு பேட்டரி மாற்றியபோது மெஷினின் கடிகாரம் பன்னிரண்டு மணி நேரம் பின்னால் போய், காலை ரீடிங் எல்லாம் மாலைக் கட்டத்தில் ஏறிவிட்டன. மாலைச் சராசரி திடீரென்று காலையைவிட மேலே போனதும்தான் பிடிபட்டது. அன்றிலிருந்து அம்மா பேட்டரி போட்டால் முதலில் மணியைப் படம் எடுத்து அனுப்புகிறார், அப்புறம்தான் பட்டியைக் கட்டுகிறார்.