எலுமிச்சை தேறுகிறதா? கையில் பிடித்து எடுத்த படமும் குறி வைத்து எடுத்த படமும்

எங்கள் மொட்டைமாடித் தொட்டியில் இருக்கும் எலுமிச்சையின் கொழுந்து இலைகள் வெளுத்துவிட்டன. நரம்பு மட்டும் பச்சை, நடுவெல்லாம் மஞ்சள். அடி இலைகள் நன்றாக இருந்து கொழுந்து மட்டும் இப்படி ஆனால் பெரும்பாலும் இரும்புச்சத்துக் குறைதான். உப்பான போர் தண்ணீரையே ஊற்றி வந்ததில் மண்ணில் காரம் ஏறி, வேரால் இரும்பை எடுக்க முடியாமல் போயிருக்கும் என்று நினைத்தேன். கார மண்ணிலும் வேலை செய்யும் இ.டி.டி.எச்.ஏ. வகை செலேட்டட் அயர்ன் என்ற இரும்புச்சத்து மருந்தை, பாக்கெட்டில் போட்டிருந்த அளவில் கரைத்து ஊற்றினேன். அப்புறம் எட்டு வாரம் படம் எடுத்துப் பார்த்தேன், இரண்டு விதமாக.

முதல் விதம், தண்ணீர் ஊற்றப் போகும்போது போனை நீட்டி எடுப்பது. போன வாரப் படத்தைத் திறந்து பார்த்துவிட்டு ஏறக்குறைய அதே கோணத்தில் நிற்பேன். இதில் சிரமமே இல்லை. புதுத் துளிர் வந்ததா, பூச்சி ஏறியதா என்பதெல்லாம் இதிலேயே தெரிந்துவிடும்.

இரண்டாவது, இடத்தைக் குறித்து வைத்து எடுப்பது. தரையில் தொட்டியின் விளிம்பைச் சுற்றி ஒரு கோடு, தொட்டியின் முன்பக்கம் ஒரு புள்ளி, ஒன்றரை மீட்டர் தள்ளி ஸ்டூலின் நான்கு கால்களுக்கும் பெயிண்ட் குறி. ஸ்டூல் மேல் ஒரு செங்கல், அதில் சாய்த்த போன், இரண்டு மடங்கு ஜூம். தள்ளி நிற்பதற்குக் காரணம் உண்டு. அரை மீட்டரில் நின்று எடுக்கும்போது பத்து சென்டிமீட்டர் முன்னே நகர்ந்தால் போதும், செடி கால் பங்கு பெரிதாகத் தெரியும். வளர்ந்துவிட்டது என்று ஏமாந்துபோவோம். ஒன்றரை மீட்டரில் அதே நகர்வு ஏழு சதவீத வித்தியாசம்தான் காட்டும்.

பழைய போன் ஒன்றை மாடியிலேயே நிரந்தரமாகப் பொருத்தலாமா என்றும் யோசித்தேன். வெயிலையும் மழையையும் நினைத்து விட்டுவிட்டேன்.

எனக்குக் குறி வைத்து எடுப்பதுதான் பிடித்தது. கோணம் ஒத்துப்போவது மட்டும் அதற்குக் காரணமில்லை. இடத்தைக் குறித்துவிட்டால் நேரத்தையும் குறித்துவிடுகிறோம், அதனால் வெளிச்சமும் ஒன்றாகிவிடுகிறது. இந்த நோயில் பார்க்க வேண்டியதே நிறம். போன் கேமராவோ ஒவ்வொரு தடவையும் வெளிச்சத்தைப் பார்த்துத் தானாக நிறத்தை மாற்றிக்கொள்ளும்.

மூன்றாவது வாரம் நடந்ததைச் சொல்கிறேன். மாலை ஐந்தரை மணிக்குக் கையில் பிடித்து எடுத்த படத்தில் கொழுந்து முன்பைவிட மஞ்சளாகத் தெரிந்தது. மருந்து பிடிக்கவில்லை என்று இன்னொரு தடவை கரைத்து ஊற்றவே போய்விட்டேன். ஊற்றும் முன் அன்று காலை ஸ்டூலிலிருந்து எடுத்த படத்தைப் பார்த்தேன். துளிர் தெளிவான இளம்பச்சை. மாலை வெயிலின் மஞ்சள்தான் இலையில் விழுந்திருந்தது. தேவையில்லாமல் இன்னொரு தடவை ஊற்றியிருந்தால் வேருக்குக் கெடுதலாகியிருக்கலாம்.

அதிலிருந்து காலை ஆறரை மணிக்கு, தொட்டிமேல் நேர் வெயில் விழும் முன்பே எடுத்துவிடுகிறேன். செடிக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைக் காகிதத்தை நிறுத்துவேன். இரண்டு படங்களை ஒப்பிடும்போது முதலில் அந்தக் காகிதத்தைத்தான் பார்ப்பேன். ஒன்றில் வெள்ளையாகவும் இன்னொன்றில் மஞ்சளாகவும் இருந்தால் அந்த ஜோடியை வைத்து இலை நிறத்தைப் பற்றி எதுவும் முடிவு செய்ய மாட்டேன். காலையில் எடுப்பதில் இன்னொரு லாபமும் உண்டு. நடுப்பகலில் நல்ல செடியே கொஞ்சம் வாடி நிற்கும், காலையில் இலை விறைப்பாக இருக்கும்.

எந்த விதத்தில் எடுத்தாலும் முழுச் செடிப் படம் ஒரு விஷயத்தில் ஏமாற்றும். முன்பே நன்றாக மஞ்சளான இலைகளில் பல பழைய பச்சைக்குத் திரும்பாது. அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தால் எட்டு வாரமும் ஏமாற்றம்தான். மருந்து ஊற்றிய அன்றே மூன்று கிளைகளில் கடைசி இலைக்குக் கீழே சிவப்பு நூல் கட்டிவிட்டேன். நூலுக்கு மேலே, நுனியில் புதிதாக வந்த இலைகள்தான் கணக்கு. ஐந்தாவது வாரப் படத்தில் மூன்று நுனிகளிலும் புது இலைகள் நடுவரைக்கும் பச்சை. நூலை ஒட்டிய பழைய இலைகள் அப்போதும் வெளுத்தே இருந்தன.

இதெல்லாம் ஒரே ஒரு எலுமிச்சையை வைத்துச் சொல்வது. கறிவேப்பிலையிலும் செய்து பார்த்தேன், ஆனால் மூன்று வாரம்தான். காற்றில் கொம்பு ஆடி, இலை படத்துக்குப் படம் இடம் மாறியது. கொடி வகைகளில் செய்து பார்த்ததில்லை. தழைத்துப் படரும் செடிக்கு ஸ்டூலை இன்னும் பின்னே தள்ள வேண்டியிருக்கும். சும்மா துளிர் விட்டதா, பூ வந்ததா என்று மட்டும் பார்ப்பவர்களுக்குக் கையில் பிடித்து எடுப்பதே தாராளமாகப் போதும்.