பீட்ல வெட்டுறதா, வரில வெட்டுறதா? ஒரே சரணத்தை ரெண்டு விதமா எடிட் பண்ணிப் பார்த்தேன்

மியூசிக் வீடியோ எடிட் பண்றவங்க எல்லாருக்கும் முதல்ல கைக்கு வர்றது பீட் கட் தான், பாட்டை டைம்லைன்ல போட்டு ப்ளே பண்ணி ஒவ்வொரு பீட்டுக்கும் M கீயைத் தட்டி மார்க்கர் வச்சிட்டு, ஷாட்டை எல்லாம் அந்த மார்க்கர்ல கொண்டுவந்து ஒட்டுறது. இன்னொரு வழி, தாளத்தைக் கண்டுக்காம பாடுறவரோட வரி எங்க ஆரம்பிக்குது, எங்க மூச்சு வாங்குறாரு, எந்த வார்த்தைல அர்த்தம் முடியுதுன்னு பார்த்து வெட்டுறது. சமீபத்துல ஒரு மெலடி ஆல்பம் பாட்டோட சரணத்தை ரெண்டு விதமாவும் முழுசா எடிட் பண்ணிப் பக்கத்துல வச்சுப் பார்த்தேன்.

பாட்டு 96 பிபிஎம், அதாவது நிமிஷத்துக்கு 96 பீட், வீடியோ செகண்டுக்கு 24 ஃப்ரேம். இது ரொம்ப வசதியான கணக்கு, ஒரு பீட் சரியா 15 ஃப்ரேம், நாலு பீட் சேர்ந்த ஒரு பார் 60 ஃப்ரேம், அதாவது ரெண்டரை செகண்ட். சரணம் மொத்தம் எட்டு பார், 20 செகண்ட். நாலு வரி, ஒவ்வொரு வரிக்கும் ரெண்டு பார்.

முதல் வெர்ஷன்ல ரெண்டு பீட்டுக்கு ஒரு கட், அதாவது 30 ஃப்ரேமுக்கு ஒண்ணு, மொத்தம் 16 ஷாட். எல்லா கட்டையும் பீட்டுக்கு ஒரு ஃப்ரேம் முன்னாடியே வச்சேன், ஏன்னா புதுப் படத்தைக் கண்ணு பிடிக்கக் கொஞ்சம் நேரம் ஆகும், சரியா பீட் மேலயே வச்சா ஒரு நூல் லேட்டா விழுந்த மாதிரி இருக்கும். முதல் அஞ்சு செகண்ட் நல்லாத்தான் இருந்துச்சு. அதுக்கப்புறம் அடுத்த கட் எங்க வரும்னு உடம்பு கண்டுபிடிச்சிடுது. நாலாவது கட்டுக்கு மேல பார்க்கிறவன் படத்தைப் பார்க்கல, கட்டை எண்ணிக்கிட்டு இருக்கான். அதைவிடப் பெரிய பிரச்சனை, பாடகி ஒரு சொல்லை இழுத்துக்கிட்டு இருக்கிற நடுவுல முகம் போயிடுது. அவங்க கண்ணுல வர வேண்டியது வர்றதுக்குள்ள தெருவையும் பஸ் ஜன்னலையும் காட்டிட்டு இருக்கோம்.

இன்னொரு சிக்கலும் உண்டு, இந்தப் பாட்டுல தப்பிச்சேன். டெம்போ 100 பிபிஎம்னா அதே 24ல ஒரு பீட் 14.4 ஃப்ரேம். நிறைய பேர் 14னு வச்சு ஒரு ஷாட்டை வெட்டி அதே நீளத்தைக் காப்பி பண்ணி அடுக்கிட்டே போவாங்க, ஒவ்வொரு பீட்டுக்கும் 0.4 ஃப்ரேம் சறுக்கி 16 பீட் முடியும்போது ஆறு ஃப்ரேமுக்கு மேல விலகி நிக்கும், அதாவது கால் செகண்ட். முதல்ல சரியா இருந்து போகப் போக கெடுதுன்னா காரணம் பெரும்பாலும் இதுதான். நீளத்தை அளக்காம வேவ்ஃபார்ம்ல அடி விழுற முனையைப் பார்த்து மார்க்கர் வைக்கணும். ப்ளூடூத் ஹெட்செட் போட்டுக்கிட்டு தட்டவே கூடாது, சத்தம் லேட்டா வர்றதால மார்க்கர் எல்லாம் மூணு நாலு ஃப்ரேம் தள்ளி உட்காரும்.

ரெண்டாவது வெர்ஷனுக்கு வரேன். வரியை மட்டும் தனியா கேட்டாதான் இதைச் செய்ய முடியும், அதனால மியூசிக் டைரக்டர்கிட்ட குரல் டிராக்கைத் தனியா வாங்கிட்டேன். கேட்டதும் தெரிஞ்ச விஷயம், முதல் மூணு வரி சமத்துல, அதாவது பார் ஆரம்பிக்கிற முதல் பீட்ல ஆரம்பிக்கல, அரை பீட் தள்ளி எடுக்குது, நாலாவது வரி சமத்துக்கு அரை பீட் முன்னாடியே எடுக்குது. கர்நாடக சங்கீதம் கத்துக்கிட்டவங்களுக்கு இது தெரியும், தள்ளி எடுத்தா அனாகத எடுப்பு, முந்தி எடுத்தா அதீத எடுப்பு. பீட் கட்டும் வரி கட்டும் சண்டை போடுற இடமே இந்த எடுப்புதான்.

தள்ளி எடுக்கிற வரிக்கு வழி சுலபம், சமத்துலயே கட் பண்ணி முகத்துக்கு வந்துடலாம். நடுவுல ஏழு எட்டு ஃப்ரேம் கிடைக்குது, அதுல பாடகி மூச்சை உள்ள இழுக்கிறது தெரியும், அப்புறம் வாய் திறக்கும். தாளத்துக்கும் கட் விழுந்தாச்சு, வார்த்தைக்கும் இடம் கிடைச்சாச்சு. ஆனா நாலாவது வரிக்கு இதே மாதிரி சமத்துல வெட்டினா, முகம் வரும்போது பாதிச் சொல் ஏற்கனவே போயிருக்கும், லிப் சிங்க் சரியா இருந்தும் தப்பா இருக்கிற மாதிரி தோணும். அங்க தாளத்தை விட்டுட்டு சமத்துக்கு 12 ஃப்ரேம் முன்னாடியே முகத்துக்கு வந்துட்டேன், மூச்சுக்கு நாலு, சொல்லுக்கு எட்டு.

மூணாவது வரிதான் எனக்கு ரொம்ப நேரம் எடுத்துச்சு. "மழை நின்ன பின்னும் கூரை சொட்டுதே". முதல் வெர்ஷன்ல மழைங்கிற சொல்லுக்கே கூரை ஷாட்டைப் போட்டிருந்தேன். தமிழ்ல வினை கடைசிலதான் வரும், சொட்டுதேன்னு சொல்ற வரைக்கும் கேக்கிறவனுக்கு விஷயம் முழுசா தெரியாது, நான் படத்தை வச்சு முன்னாடியே சொல்லிட்டேன். இப்போ மழை நின்ன பின்னும் கூரைன்னு பாடுற வரைக்கும் முகத்துலயே இருந்தேன், சொட்டுதே விழுறது ரெண்டாவது பாரோட முதல் பீட்ல, அதுக்கு ரெண்டு ஃப்ரேம் முன்னாடி கூரைக்குக் கட். அந்த ஷாட்ல கீழ ஒரு அலுமினியக் குண்டான் இருக்கு. ஷாட்டோட நீளத்தை மாத்தாம உள்ள இருக்கிற படத்தை மட்டும் ஸ்லிப் பண்ணி, சொட்டு குண்டான்ல விழுற ஃப்ரேமை அடுத்த பீட் மேல உட்கார வச்சேன், "தே" இன்னும் இழுத்துக்கிட்டு இருக்கும்போதே தண்ணி தெறிக்குது. கட் வரிக்கு, அசைவு தாளத்துக்கு. பீட்டை கட்டால மட்டும்தான் காட்டணும்னு இல்ல, தலை திரும்புறது, கதவு சாத்துறது, கால் வைக்கிறது எதை வேணும்னாலும் அடி மேல உட்கார வைக்கலாம்.

மொத்தம் ஆறே ஷாட், முதல் வெர்ஷன்ல 16. டைரக்டர் தம்பி பார்த்துட்டு "அண்ணா, ஸ்லோவா இருக்குமோன்னு நெனச்சேன், இதுதான் சீக்கிரம் முடிஞ்ச மாதிரி இருக்கு"ன்னான்.

அதுக்காக வரி கட்தான் எப்பவும்னு சொல்லமாட்டேன். இதே பாட்டோட இன்டர்லூட்ல குரலே இல்ல, அங்க வரியைப் பிடிச்சுத் தொங்க முடியாது, பீட் கட்தான் போட்டேன். அங்கயும் ஒரே இடைவெளி கிடையாது, முதல் ரெண்டு பார் நாலு பீட்டுக்கு ஒண்ணு, அடுத்த பார் ரெண்டுக்கு ஒண்ணு, கடைசி பார்ல ஒவ்வொரு பீட்டுக்கும் ஒண்ணு, அப்புறம் சரணம் எடுக்கும்போது ஒரே நீள ஷாட். ராப், கானா மாதிரி சொல் நெருக்கமா வர்ற பாட்டுலயும் வார்த்தைக்கு வார்த்தை வெட்டினா கண்ணு வலிக்கும், அங்க ஸ்னேர் அடிக்கிற ரெண்டாவது நாலாவது பீட்ல வெட்டினா நல்ல உந்தல் கிடைக்கும். லிப் சிங்க் கொடுக்கத் தெரியாத ஆள் நடிச்சிருந்தாலும் வரி கட் காப்பாத்தாது, அவரை அஞ்சு செகண்ட் காட்டினா குறை எல்லாம் வெளிய வந்துடும்.

எது சரியா வந்திருக்குன்னு பார்க்க நான் பண்றது, சத்தத்தை ம்யூட் பண்ணி ஒரு தடவை, குரலை மட்டும் வச்சு ஒரு தடவை. ம்யூட்ல பார்த்து தொடைல தாளம் தட்ட முடியுதான்னு பார்ப்பேன், குரல் மட்டும் வச்சுப் பார்க்கும்போது எந்தச் சொல்லும் பாதில வெட்டுப்பட்ட மாதிரி இருக்கக்கூடாது. அந்தச் சரணத்தோட முதல் வெர்ஷன் ம்யூட்ல பாஸ், குரல்ல ஃபெயில். ரெண்டாவது ரெண்டுலயும் பாஸ் ஆச்சு, ரெண்டாவது வரி கடைசில கிட்டார் ஃபில்லுக்குப் போட்ட விரல் ஷாட் மட்டும் மூணு ஃப்ரேம் முந்தி இருந்துச்சு, அதைத் தள்ளி வச்சிட்டு ரெண்டரை மணிக்கு ரெண்டர் போட்டேன்.