ஆட்டோகிளேவ் வாங்கும் குறிப்பு: கிராவிட்டியா, ப்ரீ-வேக்வமா?

மருத்துவக் கருவிகளை நீராவியால் கிருமி நீக்கும் புது ஆட்டோகிளேவ் கேட்டு நிர்வாகத்துக்குக் குறிப்பு எழுதினால் முதலில் வரும் கேள்வி இதுதான்: "இதில் பாதி விலைக்கும் குறைவாக ஒன்று கிடைக்கிறதே, அது போதாதா?" நியாயமான கேள்வி. ஆனால் பெரும்பாலான குறிப்புகள் இதற்குப் பதில் சொல்வதில்லை. "நவீனமானது", "சர்வதேசத் தரம்" என்று எழுதிவிட்டு விலைப்பட்டியலை இணைத்துவிடுகிறோம். கோப்பு திரும்பி வந்துவிடுகிறது.

ஓர் எடுத்துக்காட்டோடு பார்ப்போம். இரண்டு ஆபரேஷன் தியேட்டர் உள்ள மருத்துவமனை. கையில் இருப்பது பழைய கிராவிட்டி ஆட்டோகிளேவ். சமீபத்தில் லாப்ரோஸ்கோப்பி தொடங்கியிருக்கிறார்கள், அதற்குக் குழாய் போன்ற கருவிகள் வேண்டும். ஒரு நாளைக்கு 7 லோடு ஓட வேண்டும். வழிகள் மூன்று: பழையதுக்குப் பதில் புதிய கிராவிட்டி, ஒரு ப்ரீ-வேக்வம், அல்லது பழையதையே வைத்துக்கொண்டு கருவி செட்டுகளை மட்டும் கூட்டுவது.

முதல் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு முழுவதும் காற்றை வெளியேற்றும் விதத்தில்தான். கிராவிட்டி இயந்திரத்தில் நீராவி மேலிருந்து இறங்கி, தன்னைவிடக் கனமான காற்றைக் கீழே உள்ள வடிகால் வழியாகத் தள்ளுகிறது. கத்தரி, ஃபோர்செப்ஸ் போன்ற திடமான கருவிகளுக்கு இது போதும். குழாய் போன்ற கருவியின் உள்ளேயும், இறுக்கமாக மடித்த துணி பேக்கின் நடுவிலும் சிக்கிய காற்று அப்படியே தங்கிவிடலாம். ப்ரீ-வேக்வம் இயந்திரமோ பம்பால் காற்றை உறிஞ்சி, நீராவியை விட்டு, மறுபடி உறிஞ்சி, மறுபடி விடுகிறது. மூன்று நான்கு முறை இப்படிச் செய்தபின்தான் கிருமி நீக்கும் நேரம் தொடங்குகிறது.

காற்று தங்கினால் என்ன ஆகும் என்பதை நிர்வாகத்துக்கு விளக்கியே ஆக வேண்டும். அழுத்தமானியில் முள் சரியான இடத்தில்தான் நிற்கும். அந்த அழுத்தத்தில் ஒரு பங்கு காற்றுடையது, நீராவியுடையது அல்ல. அதனால் காற்று தேங்கிய இடத்தில் வெப்பம் 121 டிகிரியை எட்டாது. பேக்கின் வெளியே ஒட்டிய, வெப்பத்தில் கறுக்கும் டேப் கறுத்திருக்கும், பதிவேட்டில் எல்லாம் ஒழுங்காக இருக்கும், உள்ளே மட்டும் கிருமி நீங்கியிருக்காது.

இதைக் கண்ணுக்குக் காட்டுவது போவி-டிக் சோதனை. 1963-இல் வெளியான முறை. இன்றும் ப்ரீ-வேக்வம் இயந்திரத்தில் தினமும் முதல் லோடுக்கு முன் இதைத்தான் செய்கிறோம். காலியான அறையில் ஒரே ஒரு சோதனை பேக்கை வைத்து 134 டிகிரியில் மூன்றரை நிமிடம் ஓட்ட வேண்டும். நடுவில் உள்ள தாள் ஓரம் முதல் மையம் வரை ஒரே நிறமாக மாறியிருந்தால் நல்லது. ஒருநாள் காலை நான் பிரித்த தாளில் ஓரமெல்லாம் அடர்கறுப்பு, மையத்தில் காசளவுக்கு ஒரு வெளிறிய வட்டம். கதவு காஸ்கெட்டில் நகத்தளவு கீறல் இருந்தது. அன்று முதல் லோடு உள்ளே போகவில்லை. கிராவிட்டி இயந்திரத்தில் இந்தச் சோதனைக்கே இடமில்லை என்பதையும் குறிப்பில் எழுதுங்கள்.

அடுத்தது நேரம். பொதிந்த கருவிகளுக்கு கிராவிட்டியில் 121 டிகிரியில் 30 நிமிடம் தேவை. சூடேற 20, உலர 30, ஏற்றி இறக்க 10 என்று சேர்த்தால் ஒரு லோடுக்கு ஒன்றரை மணி நேரம். எட்டு மணி நேரத்தில் 5 லோடு. ப்ரீ-வேக்வத்தில் 132 டிகிரியில் 4 நிமிடம் போதும். உறிஞ்சல், உலர்த்தல் எல்லாம் சேர்த்து ஏறக்குறைய ஒரு மணி நேரம். காலை முதல் மணி நேரம் சூடேற்றத்துக்கும் போவி-டிக்குக்கும் போனாலும் 7 லோடு முடிந்துவிடும்.

கிராவிட்டியில் வரும் அந்த இரண்டு லோடு பற்றாக்குறைதான் ஆபத்தின் ஊற்று. தியேட்டரிலிருந்து "செட் ரெடியா சிஸ்டர்?" என்று மூன்றாவது முறை போன் வரும்போது முதலில் வெட்டுப்படுவது உலர்த்தும் நேரம். ஈரத்தோடு இறக்கிய பேக்கைக் கையில் எடுத்தால் விரல் பட்ட இடத்தில் துணி நனைந்து நிற்கும். அந்த ஈரம் வழியாக வெளியே உள்ள கிருமி உள்ளே போகும். அப்படிப்பட்ட பேக்கைத் திரும்பவும் முதலிலிருந்து செய்ய வேண்டும். ஒரு மாதம் ஈர பேக்குகளை எண்ணிப் பதிவு செய்து, அந்த எண்ணிக்கையைக் குறிப்பில் சேருங்கள். நிர்வாகம் நம்பும் தரவு அதுதான்.

சரி, செலவு. கணக்குக்காக கிராவிட்டியின் விலை 100 பங்கு, ப்ரீ-வேக்வம் 250 பங்கு என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுப் பராமரிப்பு முன்னதுக்கு 6, பின்னதுக்கு 20. பத்தாண்டில் 160-உம் 450-உம். குறையும் இரண்டு லோடுக்காக கிராவிட்டிக்குத் தினமும் மூன்று மணி நேர ஓவர்டைம் சேர்ப்போம். ஆண்டுக்கு 15 பங்கு என்றால் அது 310 ஆகிறது. அப்போதும் ப்ரீ-வேக்வமே விலை கூடியது. இதை மறைக்கவே கூடாது. "பத்தாண்டில் மிச்சம்" என்று எழுதி, கணக்கு அலுவலர் கூட்டிப் பார்த்து இல்லை என்று சொன்னால் குறிப்பின் மற்ற வரிகளையும் யாரும் நம்பமாட்டார்கள். வித்தியாசம் 290 இல்லை, 140 தான். அந்த 140-க்கு வாங்குவது குழாய்க் கருவிகளின் பாதுகாப்பு என்று நேராக எழுதுங்கள். அதற்குச் சான்று, தயாரிப்பாளர் கையேடு. எந்தெந்தக் கருவிக்கு ப்ரீ-வேக்வம் சுழற்சி மட்டுமே சொல்லியிருக்கிறது என்று எடுத்து, பட்டியலாக இணையுங்கள்.

மூன்றாவது வழி, அதாவது செட்டுகளைக் கூட்டுவது, செட்டுக்காகக் காத்திருக்கும் அவசரத்தை மட்டும் குறைக்கும். குழாய்க்குள் உள்ள காற்றை அது தொடாது.

பராமரிப்பில் கிராவிட்டிக்கே வெற்றி. அதில் கெட்டுப்போக அதிகமில்லை: காஸ்கெட், ஹீட்டர், வடிகால் ட்ராப். ப்ரீ-வேக்வத்தில் பம்ப் ஒன்றே பெரிய கவலை. நீர்வளைய பம்பாக இருந்தால் அதற்குப் போகும் தண்ணீர் சூடாகும்போது உறிஞ்சும் சக்தி குறையும். கோடையில் மட்டும் சோதனை தோற்றால் முதலில் அதைப் பாருங்கள். தண்ணீரில் உள்ள உப்பு ஹீட்டரில் படிந்துவிடும், அதனால் தண்ணீர் சுத்திகரிப்பும் சேர்ந்தே வாங்க வேண்டும். வாரம் ஒரு கசிவுச் சோதனை: காற்றை உறிஞ்சி மூடிய அறையில் நிமிடத்துக்கு 1.3 மில்லிபாருக்கு மேல் அழுத்தம் ஏறினால் எங்கோ காற்று நுழைகிறது. தினசரிச் சோதனைக்கு ஆளும், நல்ல தண்ணீரும் இல்லாத இடத்தில் நான் ப்ரீ-வேக்வத்தைப் பரிந்துரைக்க மாட்டேன். அங்கே கிராவிட்டி வாங்கி, குழாய்க் கருவிகளை வசதி உள்ள இடத்துக்கு அனுப்புவதே சரி.

வெப்பம் தாங்கும் கிருமிகளை உள்ளே வைத்து வாரம் ஒருமுறை செய்யும் ஸ்போர் சோதனை, கதவுப் பூட்டு, பாதுகாப்பு வால்வு எல்லாம் இரண்டுக்கும் பொது.

நம் எடுத்துக்காட்டு மருத்துவமனைக்கு என் பரிந்துரை: ப்ரீ-வேக்வம் ஒன்று வாங்கலாம், பழைய கிராவிட்டியை விற்க வேண்டாம். புட்டியில் உள்ள திரவங்களை வேக்வம் சுழற்சியில் வைத்தால் கொதித்துப் பொங்கிவிடும், அதற்குப் பழையது வேண்டும். புதியது பழுதாகும் நாளில் திடமான கருவிகளுக்கும் அதுவே கைகொடுக்கும். கொள்முதல் ஆணையில் மூன்று நிபந்தனைகள்: பத்தாண்டுக்கு உதிரிபாகம், பராமரிப்பு ஒப்பந்தக் கட்டணத்தை இப்போதே எழுத்தில் நிர்ணயிப்பது, நம் இடத்தில் நம் தண்ணீரில் நம் பேக்குகளை வைத்துச் சோதனை தேறிய பிறகே கடைசித் தவணை.