ரிம் லீக் என்று 1,400 ரூபாய் வாங்கினார்கள். காற்று போனது வால்வு பின்னில்

கொழிஞ்சாம்பாறையிலிருந்து பொள்ளாச்சிக்கு வாரத்தில் மூன்று நாள் காரில் போய்வருபவன் நான். சென்ற மாதம் பின்பக்க இடது டயரில் காற்று குறையத் தொடங்கியது. 33 பவுண்டு நிரப்பினால் ஐந்தாம் நாள் காலையில் 26 காட்டியது. ஆணி எதுவும் கண்ணில் படவில்லை. டியூப்லெஸ் டயர் மாதம் ஒன்றிரண்டு பவுண்டு தானாகவே இழப்பது இயல்பு என்பதும், பகல் வெயிலில் அளந்ததை விடியற்காலையில் அளந்தால் ஓரிரு பவுண்டு குறைவாகக் காட்டும் என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் ஐந்து நாளில் ஏழு பவுண்டு என்பது அந்தக் கணக்குகளில் அடங்காது.

பொள்ளாச்சி சாலையோரக் கடை ஒன்றில் வண்டியை நிறுத்தினேன். கடைக்காரர் ஒரு பாட்டிலைக் குலுக்கி, டயரும் ரிம்மும் சேரும் ஓரத்தில் சோப்பு நீரைப் பீய்ச்சியடித்தார். அந்த ஓரம் முழுக்க வெள்ளையாக நுரை நின்றது. “பாருங்க சார், ரிம் லீக். அலாய் வீல்ல உப்புப் பூத்துடுச்சு. ஒண்ணு போச்சுன்னா பக்கத்துல உள்ளதும் போகும், ரெண்டையும் சேர்த்துப் பண்ணிடலாம்” என்றார். டயரைப் பிரித்து, ரிம்மைத் தேய்த்துப் பசை பூச ஒரு சக்கரத்துக்கு 600, பாலன்சிங்குக்கு 200, ஆக மொத்தம் 1,400 ரூபாய். நான் எதிரே இருந்த டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். அதுதான் நான் செய்த முதல் தவறு. பில் கேட்டபோது கணினி வேலை செய்யவில்லை என்றார்கள்.

நான்காம் நாள் காலையில் மீண்டும் 27 பவுண்டு.

இம்முறை வீட்டு வாசலிலேயே நான் பார்த்தேன். அரை வாளித் தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவத்தை இரண்டு கரண்டி விட்டு, நுரை எழாதபடி மெதுவாகக் கலக்கினேன். இதில்தான் சூட்சுமம் இருக்கிறது. குலுக்கிய பாட்டிலிலிருந்து பீய்ச்சினால் காற்றே போகாத டயரிலும் நுரை நிற்கும். அது சோப்பின் நுரையே தவிர டயரின் காற்று அல்ல. நுரை இல்லாத நீரைப் பெயின்ட் பிரஷால் தடவிவிட்டு, ஏற்கெனவே உள்ள குமிழிகள் அடங்கும்வரை பொறுத்திருக்க வேண்டும். அதன்பின் புதிதாகப் பிறந்து, பார்த்துக்கொண்டிருக்கும்போதே வளர்வது எதுவோ அதுவே கசிவு. நின்றுகொண்டே இருக்கும் நுரை எதையும் நிரூபிப்பதில்லை. காற்றையும் முதலில் 33 பவுண்டுக்கு ஏற்றிக்கொண்டேன், ஏனெனில் அழுத்தம் குறைந்த டயரில் சிறு கசிவு தன்னைக் காட்டிக்கொள்ளாமல் போகலாம்.

ஸ்டெப்னியை மாட்டிவிட்டு, கழற்றிய சக்கரத்தைத் தரையில் படுக்கவைத்தேன். அப்படி வைத்தால் டயரும் ரிம்மும் சேரும் பள்ளத்தில் நீர் தேங்கி நிற்கும். ஒருபக்கம் ஐந்து நிமிடம், பிறகு புரட்டிப் போட்டு உள்பக்கம் ஐந்து நிமிடம். உள்பக்கத்தைப் பார்க்காமல் ரிம் சரியாக இருக்கிறது என்று சொல்ல முடியாது. சக்கரம் வண்டியில் இருக்கும்போது கண்ணுக்குத் தெரியாத பக்கம் அதுதான். உண்மையான ரிம் லீக் பெரும்பாலும் ஒரே பெரிய குமிழியாக வராது. ஓரத்தில் ஒரு விரல், இரண்டு விரல் நீளத்துக்கு, கடுகு கடுகாக வெண்ணுரை ஊறி எழும். துடைத்தால் அதே இடத்தில் மறுபடி எழும். அலாய் அரித்து மேடுபள்ளமான இடத்திலோ, குழியில் இறங்கி ரிம் வளைந்த இடத்திலோ அப்படி வரும். என் சக்கரத்தில் இரு பக்கமும் நீர் கண்ணாடிபோலத் தெளிந்து நின்றது.

அப்படிக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் இன்னொன்றும் கண்ணில் பட்டது. உள்பக்க ஓரத்தில், டயரிலிருந்து ரிம்முக்குத் தொடர்ச்சியாக, மழைக்காலச் செம்மண் காய்ந்து இறுகிப் படிந்திருந்தது. ஒரு விரிசல்கூட இல்லை. டயரின் விளிம்பை ரிம்மிலிருந்து பெயர்த்திருந்தால் அந்த மண் உடைந்து உதிர்ந்திருக்க வேண்டும். புதிய பசையின் கறுப்புத் தடம் எங்கும் இல்லை. பாலன்சிங் எடைக்கட்டிகளும் பழைய அழுக்கோடு இருந்த இடத்திலேயே இருந்தன. பிரிக்காத டயருக்குத்தான் பணம் கொடுத்திருக்கிறேன்.

பிறகு வால்வுக்கு வந்தேன். கடைக்காரர் பீய்ச்சியபோது வால்வு மூடியைக் கழற்றவே இல்லை என்பது அப்போது நினைவுக்கு வந்தது. மூடி போட்டிருந்தால் வாயில் வரும் குமிழி தெரியாது. பிளாஸ்டிக் மூடி காற்றை முழுதாக அடைக்கவும் செய்யாது. மூடியைக் கழற்றி வால்வின் வாயில் ஒரு துளி சோப்பு நீரைப் படலமாக வைத்தேன். அரை நிமிடத்துக்குள் அது மெல்ல உப்பி, குன்றிமணி அளவுக்கு வளர்ந்து உடைந்தது. காற்று அடித்த உடனே பார்த்தால் குழாயில் தங்கிய காற்று ஒரு முறை உப்பக்கூடும், ஆகையால் துடைத்துவிட்டு மறுபடி வைத்தேன். இரண்டாவதும் உப்பியது, மூன்றாவதும் உப்பியது.

வால்விலும் இரண்டு இடங்கள் உண்டு. வாயில் குமிழி வந்தால் உள்ளே திருகியிருக்கும் சிறிய வால்வு பின்தான் குற்றவாளி. வால்வுத் தண்டு ரிம்முக்குள் நுழையும் அடியில் குமிழி வந்தால், குறிப்பாகத் தண்டை விரலால் மெல்ல வளைக்கும்போது வந்தால், ரப்பர் வெடித்திருக்கிறது. அப்படியானால் முழு வால்வையும் மாற்ற வேண்டும், அதற்கு டயரைப் பிரித்தே ஆக வேண்டும். அடியிலும் நீர் விட்டு வளைத்துப் பார்த்தேன்; ஒன்றும் வரவில்லை.

எங்கள் தெருவில் பைக் மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். பைக்குகளிலும் கார்களிலும் பெரும்பாலும் ஒரே அளவு வால்வு பின்தான் என்பதால் அவரிடம் போனேன். வால்வு சாவியால் முதலில் பின்னைச் சற்றே இறுக்கிப் பார்த்தோம். குமிழி மெதுவானது, ஆனால் நிற்கவில்லை. கழற்றிப் பார்த்ததும் பின்னின் ரப்பர் வளையத்தில் மணல் துகள் ஒன்று பதிந்து, பக்கத்தில் கீறல் இருந்தது. “இதுக்காண்ணா டயரப் பிரிக்கச் சொன்னாங்க?” என்று சிரித்தார். புதிய பின் 20 ரூபாய். விரல் நுனிப் பலத்தில் இறுக்கினால் போதும், முறுக்கினால் அந்த ரப்பர் நசுங்கும் என்றார். பின்னைக் கழற்றினால் டயரின் மொத்தக் காற்றும் இறங்கிவிடும். வண்டியில் மாட்டிய சக்கரத்தில் இதைச் செய்பவர்கள் ஜாக்கியில் தூக்கி வைத்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் வண்டியின் எடையில் டயர் ரிம்மை விட்டு நழுவக்கூடும்.

காற்று நிரப்பி வாயில் படலம் வைத்தோம். ஐந்து நிமிடம் ஆகியும் அது தட்டையாகவே இருந்தது. ஐந்தாம் நாள் காலை 33, பத்தாம் நாள் 33, இன்று பதினாறாம் நாள் 32.

கழற்றிய பழைய பின்னையும் செம்மண் ஓரத்தின் படத்தையும் எடுத்துக்கொண்டு அந்தக் கடைக்குப் போனேன். முதலில் “அது வேற லீக் சார்” என்றார்கள். படத்தைக் காட்டியதும் பையன் சரியாகச் செய்யவில்லை என்று சொல்லி 600 ரூபாய் திருப்பிக் கொடுத்தார்கள். வலது சக்கரத்தையும் படம் எடுத்திருக்கிறேன், அதிலும் மண் உடையவில்லை. மீதி 800 ரூபாயைப் பற்றிக் கேட்டதற்கு, முதலாளி திங்கட்கிழமை வருவார் என்ற பதிலே இரண்டு திங்கட்கிழமைகளாக வந்துகொண்டிருக்கிறது.