நிரப்பும் தொகை: வவுச்சரைக் கூட்டுவதா, காசை எண்ணிக் கழிப்பதா?

பெட்டிக்கு ஒரு நிலைத்தொகை வைத்து, செலவானதை மட்டும் அவ்வப்போது நிரப்புவது இம்ப்ரஸ்ட் முறை. அப்படி நடக்கும் சில்லறை ரொக்க ஷீட்டில் “எவ்வளவு நிரப்ப வேண்டும்” என்ற கட்டத்துக்கு இரண்டு விதமாக ஃபார்முலா போடுகிறார்கள். சிலர் இன்னும் பணம் ஈடுசெய்யப்படாத வவுச்சர்களைக் கூட்டுவார்கள். சிலர் நிலைத்தொகையிலிருந்து பெட்டியில் எண்ணிய காசைக் கழிப்பார்கள்.

```
=SUMIFS(E2:E200,F2:F200,"")
=H1-H2
```

E வவுச்சர் தொகை, F நிரப்பிய தேதி, H1 நிலைத்தொகை, H2 எண்ணிய காசு.

நான் கணக்கு பார்க்கும் ஒரு சின்னப் பட்டறையில் நிலைத்தொகை ரூ.5,000. ஒரு மாதக் கடைசியில் டீ 640, கூரியர் 480, ஆட்டோ 1,150, ஸ்டேஷனரி 730, ரிப்பேர் 900 என்று வவுச்சர்கள் மொத்தம் 3,900. பெட்டியில் எண்ணியதோ 520. கூடவே ஒரு பையன் ஆணி வாங்க 500 வாங்கிப் போன துண்டுச்சீட்டு.

முதல் ஃபார்முலா 3,900 என்றது, இரண்டாவது 4,480 என்றது. நடுவில் நிற்கும் 580-இல் 500 அந்த முன்பணம். மீதி 80 எங்கே போனது என்று யாருக்கும் தெரியவில்லை.

காசைக் கழித்து 4,480 நிரப்பினால் பெட்டி நிறைந்துவிடும், காணாமல் போன 80-ம் ஓசையில்லாமல் அடைபட்டுவிடும். பையன் 350-க்கு பில்லும் 150 சில்லறையும் கொண்டுவந்தால் பெட்டியில் 5,150 ஆகிவிடும். அந்த 350-க்கான பணம் ஏற்கெனவே வந்துவிட்டது என்பது ஷீட்டில் எங்கும் இருக்காது. அடுத்த மாதம் வவுச்சரைப் பார்த்து மறுபடி கேட்பார்கள்.

அதனால் நிரப்பும் தொகைக்கு வவுச்சர் கூட்டலையே நம்புகிறேன். ஆனால் அதிலும் ஒரு ஓட்டை உண்டு: F-இல் தேதி போட மறந்தால் அதே வவுச்சர் அடுத்த முறையும் கூட்டலில் ஏறும். செக் வந்த அன்றே தேதி போட்டுவிட வேண்டும்.

எண்ணிய காசை ஒதுக்கிவிடவும் முடியாது, அது சரிபார்ப்புக்கு வேண்டும். முன்பணச் சீட்டுகளை H3-இல் வைத்து,

```
=H1-H2-H3-SUMIFS(E2:E200,F2:F200,"")
```

என்று தனிக் கட்டம் போடுங்கள். பூஜ்யம் வராவிட்டால் நிரப்பாதீர்கள். வித்தியாசம் 9-ஆல் மீதியின்றி வகுபட்டால் முதலில் இலக்கம் இடம் மாறியதா என்று பாருங்கள்; 730-ஐ 370 என்று அடித்தால் 360 வரும். 80 அப்படி வகுபடவில்லை, வவுச்சர்களிலும் தவறில்லை. முதலாளி கையெழுத்தோடு “ரொக்கக் குறைவு” என்று 80-க்கு வவுச்சர் போட்டோம். நிரப்பும் தொகை 3,980 ஆனது. 500 சீட்டு பெட்டியிலேயே இருந்தது.

டீ, கூரியர் என்று செலவுத் தலைப்புவாரியாகக் கூட்டும்போது கவனிக்க ஒன்றே ஒன்று: “டீ” என்றும் “தேநீர்” என்றும் ஆளுக்கொரு விதமாக அடித்தால் ஒன்று விடுபடும். தேர்வுப்பட்டியல் வைத்து, தலைப்புகளின் மொத்தமும் E-யின் மொத்தமும் பொருந்துகிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துக்கு அனுப்புங்கள்.