கட்டிலைச் சோதித்து ஏற்றுவதா, கன்டெய்னருக்குப் புகை போடுவதா?

கப்பலில் வீட்டுச் சாமான் அனுப்புவது என்று முடிவானதும் என் மச்சான் சொன்ன முதல் யோசனை இதுதான்: "அத்தான், ஒவ்வொண்ணா திருப்பிப் பார்த்துட்டு இருக்காதீங்க. எல்லாத்தையும் ஏத்திட்டுப் புகை போடச் சொல்லிடுங்க, பூச்சி இருந்தா செத்துடும்." எனக்கும் முதலில் அது சரியாகத்தான் பட்டது. கடைசியில் நான் செய்தது வேறு. பேக்கிங்குக்கு ஐந்து வாரம் முன்பே மரச்சாமான்களை ஒவ்வொன்றாகச் சோதித்தேன், புகையே போடவில்லை. இன்னொரு முறை வீடு மாற்றினாலும் அதையேதான் செய்வேன்.

எல்லாருக்கும் தெரிந்த விஷயங்களைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். மளிகைச் சாமான் வந்த பழைய அட்டைப்பெட்டி வேண்டாம், அதன் நெளிவுகளுக்குள் கரப்பான் முட்டைக்கூடு ஒட்டியிருக்கும், ஒரு கூட்டில் முப்பது நாற்பது குஞ்சு வரை இருக்கலாம். மெத்தையின் தையல் ஓரங்களையும் கட்டில் மூட்டுகளையும் டார்ச் அடித்துப் பாருங்கள், கரும்புள்ளிகள் தெரிந்தால் மூட்டைப்பூச்சி. இவை எல்லாம் கண்ணுக்குத் தெரிகிறவை. மரத்துக்குள் இருக்கும் உளுவண்டின் புழுதான் தெரியாது, அதனால் மீதிப் பேச்சு முழுவதும் அதைப் பற்றித்தான்.

எங்கள் பாட்டி காலத்துக் கட்டிலின் பக்கச் சட்டத்தில் பதினொரு துளை இருந்தது, புத்தக அலமாரியின் பின்பக்கத்தில் ஐந்து. எல்லாமே வட்டமாக, ஒன்றிலிருந்து இரண்டு மில்லிமீட்டர் அளவில். துளையைப் பார்த்ததும் பூச்சி இருக்கிறது என்று பயந்துவிடுகிறோம். ஆனால் அது வண்டு வெளியே போன வழி. பத்து வருடத்துக்கு முன்பு போனதாகவும் இருக்கலாம், போன மாதம் போனதாகவும் இருக்கலாம். உள்ளே இன்னும் உயிர் இருக்கிறதா என்ற ஒரே கேள்விக்குத்தான் பதில் வேண்டும். புகை போடுகிறவர் அந்தக் கேள்வியையே கேட்பதில்லை, எல்லாவற்றையும் சேர்த்துக் கொல்கிறார். முன்கூட்டிச் சோதித்தால் பதில் நம் கைக்கு வருகிறது.

நான் செய்த முறை இது. முதலில் சட்டத்தை ரப்பர் சுத்தியலால் மெதுவாகத் தட்டி, புழு மரத்தைத் தின்று தள்ளிய பழைய மாவு முழுவதையும் உதிரவிட்டு, பிரஷ்ஷால் பெருக்கி எடுத்தேன். இதைத் தவறவிட்டால் சோதனையே வீண், ஏனென்றால் செத்துப்போன பழைய துளையிலிருந்தும் ஆட்டத்தில் மாவு கொட்டும். அப்புறம் ஒவ்வொரு துளையையும் சுற்றிப் பென்சிலால் வட்டம் போட்டுத் தேதி எழுதி, போட்டோ எடுத்துக்கொண்டேன். அடியில் கறுப்புச் சார்ட் பேப்பரை விரித்துவிட்டு, கட்டிலையும் அலமாரியையும் யாரும் அசைக்காத அறையில் விட்டுவிட்டேன். நான்கு வாரம், மூன்று நாளுக்கு ஒருமுறை பார்த்தேன். பாதித் துளைகளின் மேல் மெல்லிய காகித டேப் ஒட்டியிருந்தேன், உள்ளிருந்து வண்டு வெளியே வந்தால் அதைத் துளைத்துக்கொண்டுதான் வர முடியும்.

கட்டிலின் அடியில் நான்கு வாரமும் பேப்பர் சுத்தமாக இருந்தது. அலமாரியின் கீழ் ஒன்பதாவது நாள் கடுகளவு ஒரு சின்னக் குவியல், வெளிர் நிறம். விரலுக்கிடையில் தேய்த்தால் முகப்பவுடர் போல வழுக்கியது. அதைத் துடைத்துவிட்டு வைத்தேன், பன்னிரண்டாம் நாள் அதே இடத்தில் திரும்பவும் இருந்தது. நேர் மேலே பார்த்தால் பென்சில் வட்டம் இல்லாத ஒரு புதுத் துளை, ஓரம் கூர்மையாக, உட்புறம் வெளுத்து. பழைய துளைகளின் உட்புறம் அழுக்கேறிக் கறுத்திருந்தது, வித்தியாசம் பளிச்சென்று தெரிந்தது.

தூளின் தன்மையும் ஆளைக் காட்டிக்கொடுக்கும். இப்படி மாவாக இருந்தால் உளுவண்டு. கையில் நறநறவென்று இருந்தால் வேறு வகை மரவண்டு. கசகசா போலத் தனித்தனி மணிகளாக, லென்ஸில் பார்த்தால் ஆறு பக்கம் தெரிந்தால் அது உலர்மரக் கரையான், அது வேறு கதை.

ஆசாரி வந்து பார்த்ததும் விஷயம் இன்னும் சுருங்கியது. அலமாரி முழுவதும் தேக்கின் நடுவில் இருக்கும் கெட்டியான வைரப்பகுதி, ஆனால் பின்னால் முட்டுக்கொடுத்த ஒரு சட்டம் மட்டும் வெள்ளை, அதாவது பட்டையை ஒட்டிய வெளிர்ப் பகுதி. மாவு கொட்டும் உளுவண்டு வெள்ளையில் இருக்கும் மாவுச்சத்தைத் தேடித்தான் வரும், வைரத்தைத் தொடாது. அந்த ஒரு சட்டத்தைக் கழற்றி எரித்துவிட்டு, புதுச்சட்டம் போட்டு, மறுபடி இரண்டு வாரம் பேப்பரில் வைத்தேன். சுத்தம். மொத்தச் சாமானுக்கும் விஷப்புகை போட இருந்தோம், பிரச்சினை ஒரு முழ நீளச் சட்டத்தில் இருந்திருக்கிறது!

இந்தச் சோதனைக்கும் எல்லை உண்டு. குளிர்காலத்தில் புழு மந்தமாகிவிடும், அப்போது மாவு கொட்டவில்லை என்பதால் உள்ளே ஒன்றுமில்லை என்று ஆகாது. உள்ளே இருக்கும் புழு வண்டாகி வெளிவர ஒரு வருடம்கூட ஆகும் என்பதால் நான்கு வாரம் என்பது முழு உத்தரவாதமும் இல்லை. நான் வெயில் காலத்தில் சோதித்தேன், அது எனக்குக் கைகொடுத்தது.

சரி, புகை பக்கம். ஓரிரு நாளில் வேலை முடிந்துவிடும், மரத்தின் ஆழம் வரை வாயு போகும், இதில் சந்தேகமில்லை. ஆனால் காற்றோட்டம் விட்டதும் வாயு போய்விடும், பின்னால் காவல் எதுவும் நிற்காது. அதே சாமானை இன்னொரு பூச்சி பிடித்த கிடங்கில் வைத்தால் மறுபடி ஏறும். பேக்கிங் ஆட்கள் சோபாவையும் கட்டிலையும் பிளாஸ்டிக்கில் இறுக்கிச் சுற்றிவிட்ட பிறகு புகை போட்டால் வாயு உள்ளே சரியாகப் போகாது, இது பலருக்கு உறைப்பதில்லை. போடுகிற வாயு மெத்தில் புரோமைடு என்றால் ரப்பர் நுரை, தோல், கம்பளி இவற்றோடு சேர்ந்து போகாத நாற்றம் பிடிக்கலாம். இதற்கெல்லாம் மேலாக, புகை பூச்சியைக் கொல்லுமே தவிர பழைய மாவை அள்ளிக்கொண்டு போகாது. பெட்டி ஆடி ஆடிப் போய்ச் சேரும்போது அடியில் மாவு கொட்டியிருக்கும், போய்ச் சேரும் நாட்டில் பரிசோதகர் பார்ப்பது அந்த மாவைத்தான்.

சூடேற்றுவது மூன்றாவது வழி. நான் ஒரு சின்ன ஸ்டூலுக்கு மட்டும் செய்து பார்த்தேன், அதனால் பெரிதாகப் பேச மாட்டேன். ஸ்டூல் நன்றாக வந்தது, ஆனால் மேலே ஒட்டுப்பலகை போட்ட மேஜையைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை, பிசின் விட்டுவிடலாம்.

மரப்பெட்டியில் இருக்கும் முத்திரையை நம்பி ஏமாறாதீர்கள் என்பதையும் சொல்ல வேண்டும். 2002இல் வந்த ஐ.எஸ்.பி.எம். 15 என்ற சர்வதேச விதிப்படி, பேக்கிங் மரத்தின் நடுப்பகுதி வரை 56 டிகிரியில் 30 நிமிடம் சூடாக்கி முத்திரை குத்துவார்கள். அது பெட்டிக்கும் பலகைக்கும் மட்டும்தான். உள்ளே இருக்கும் உங்கள் கட்டிலைப் பற்றி அந்த முத்திரை எதையும் சொல்வதில்லை.

நானே புகையைத் தேர்ந்தெடுக்கும் சூழலும் உண்டு. கசகசா மணிகள் பல சாமானில் தெரிந்தால், கிளம்ப இரண்டு வாரம்தான் இருந்தால், அல்லது சாமான் போய்ச் சேரும் நாடு புகை போட்டதற்குச் சான்றிதழ் கேட்டால் வேறு வழியில்லை. அப்போதும் தட்டி, மாவைப் பெருக்கி, துளைகளுக்குப் பென்சில் வட்டம் போட்ட பிறகே அனுப்புவேன், பிளாஸ்டிக் சுற்றுவதைப் புகை முடிந்த பின்புதான் செய்யச் சொல்வேன்.